எழுபது எழுத்துக்குள் ஓர் ஒப்பம்

சென்ற தவணை தரம் 6 தங்கைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடாகியிருந்தது. பெற்றோருக்குக் கடிதமும் படிவமும் கொடுத்த பின், ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பும்படி வகுப்பாசிரியை என்னிடம் சொன்னார். நான் அழகாகத்தான் எழுதினேன். சலாம் சொல்லி, பெற்றோரை விளித்து, ஊசியின் பயனை விளக்கி, கடைசி வரியில் "படிவத்தில் ஒப்பமிட்டு அனுப்பவும்" என்று முடித்தேன். ஊசி போடும் நாளில் ஏழு பேரிடம் படிவம் இல்லை. வரிசையில் நின்ற ஒரு தங்கை திரும்பி நடந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து உம்மாவின் தொலைபேசிக்கு அதே செய்தியை அனுப்பிப் பார்த்தேன். பூட்டிய திரையில் சலாமும் "அன்பான பெற்றோர்களே"யும் தெரிந்தன. அதற்கு மேல் தெரியவில்லை. சமையலுக்கு நடுவே எட்டிப் பார்க்கும் ஒரு தாய்க்கு அது ஏதோ பாடசாலை அறிவித்தல், அவ்வளவுதான்.

இங்கே தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். வாக்கியம் நீள நீள, செய்ய வேண்டிய காரியம் திரைக்கு வெளியே தள்ளப்பட்டுவிடும். ஆகவே வினையும் திரைக்குள் அடங்கும்படி வாக்கியத்தையே குறுக்க வேண்டும்.

இடமும் நமக்குக் குறைவு. ஒரு குறுஞ்செய்தி சுமப்பது 140 பைட். ஆங்கிலத்தில் அதற்குள் 160 எழுத்துக்கள் அடங்கும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட் தேவைப்படுவதால் 70 குறிகள்தான். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். "படிவம்" நம் கண்ணுக்கு நான்கெழுத்து, தொலைபேசிக்கு ஆறு. எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளை இணைக்கும் குறிப்புக்கும் இடம் வேண்டியிருப்பதால், ஒவ்வொரு துண்டிலும் 67 குறிகளே மிஞ்சும். துண்டுக்குத் துண்டு கட்டணமும் கூடும்.

வராத ஏழு பேருக்காகச் சுகாதாரக் குழு மீண்டும் வரவிருந்தது. இம்முறை முதலில் ஒரு கேள்வியை எழுதி வைத்தேன்: இதைப் பார்த்ததும் உம்மாவின் கை என்ன செய்ய வேண்டும்? பேனையை எடுத்து ஒப்பமிட வேண்டும். அதற்கு உதவாத அனைத்தையும் வெட்டினேன். ஊசியின் பயன் கடிதத்தில் இருக்கிறது. குழு வரும் நாளையும் வெட்டினேன். பெற்றோர் நினைவில் வைக்க வேண்டியது படிவம் வந்து சேர வேண்டிய நாளைத்தான். இரண்டு நாட்களைச் சொன்னால் பிந்தியதே மனதில் நிற்கும். சலாமை வெட்டத்தான் மனம் வரவில்லை. அது மட்டுமே 18 குறிகள், இடத்தில் கால்வாசி. "கடிதத்தின் முதல் வரியிலேயே சலாம் சொல்லிவிட்டோம், மகள்" என்று டீச்சர் சொன்ன பிறகுதான் எடுத்தேன்.

மிஞ்சியது இது:

"தரம் 6: ஊசிப் படிவத்தில் ஒப்பமிட்டு புதனுக்குள் மகளிடம் அனுப்பவும்."

இது 67 குறிகள். "புதன்கிழமைக்குள்" என்று எழுதியிருந்தால் 72 ஆகி இரண்டு துண்டாகியிருக்கும். திங்களன்று அனுப்பியதால் எந்தப் புதன் என்ற குழப்பம் இல்லை. ஒரு வாரம் முன்பே அனுப்புவதானால் திகதியைப் போட்டே ஆக வேண்டும்.

ஒரு சொல்லில் மட்டும் தடுமாறினேன். முதலில் "சம்மதம் தந்து" என்று எழுதினேன். ஆனால் படிவத்தில் "சம்மதம் இல்லை" என்ற கட்டமும் உண்டு. நான் சுருக்கும் சாக்கில் பெற்றோரின் முடிவை நானே எடுத்துவிடக் கூடாது. ஒப்பம் இரண்டு பதிலுக்கும் வேண்டும், அதனால் "ஒப்பமிட்டு". சுருக்கிய பின் மூலப் படிவத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் இப்படிப்பட்ட பிழை கண்ணில் படாது.

அனுப்புமுன் மறுபடி உம்மாவின் தொலைபேசியில் சோதித்தேன். திறக்க விடாமல், "என்ன செய்யணும், எப்போதைக்கு?" என்று கேட்டேன். "ஊசிப் படிவத்துல சைன் வெச்சு புதனுக்குள்ள அனுப்பணும்" என்றார். இரண்டுக்கும் பதில் வந்தால் செய்தி சரி. ஒன்றுக்கு "திறந்து பார்க்கட்டுமா?" என்று வந்தாலும் மீண்டும் வெட்ட வேண்டும்.

புதனன்று ஆறு படிவங்கள் வந்தன. ஏழாவது வீட்டின் தொலைபேசி இலக்கம் மாறியிருந்தது. எத்தனை நன்றாகச் சுருக்கினாலும் இல்லாத இலக்கத்துக்குச் செய்தி போகாது. அந்தத் தங்கையின் கையில் டீச்சர் இன்னொரு படிவத்தைக் கொடுத்து, அதே வரியை அதன் மேல் சிவப்புப் பேனையால் எழுதிவிட்டார். மறுநாள் காலை அதுவும் ஒப்பத்தோடு வந்தது.