டியூஷனுக்கு முன்னால் விடைத்தாளைப் பாருங்கள்

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கணக்கு விடைத்தாளில் கேட்டிருந்த கேள்வி இது: x/2 + x/3 = 10 எனில் x-இன் மதிப்பு என்ன? அவள் மூன்று வரி எழுதியிருந்தாள்.

2x/5 = 10
2x = 50
x = 25

விடை தவறு, மதிப்பெண் இல்லை. 'அல்ஜீப்ரா அவளுக்குச் சுத்தமாக வரவில்லை' என்று வீட்டில் முடிவு செய்து, ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ராவை நன்றாக நடத்தும் டியூஷனைத் தேட ஆரம்பித்தார்கள்.

அந்த மூன்று வரிகளை நிதானமாகப் படித்துப் பாருங்கள். இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும் சரியாகவே இருக்கின்றன. சமன்பாட்டின் ஒரு பக்கம் செய்ததை மறுபக்கமும் செய்ய வேண்டும் என்பது அவளுக்குத் தெரிகிறது, அல்ஜீப்ரா வந்திருக்கிறது. சறுக்கியது முதல் வரியில். மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டாள். அரையையும் மூன்றில் ஒரு பங்கையும் கூட்டச் சொன்னால் 2/5 என்றுதான் எழுதுவாள். பகுதி எண்கள் வேறாக இருக்கும் பின்னங்களைக் கூட்டுவது ஆறாம் வகுப்புப் பாடம். மூன்று வருடமாக அந்த ஓட்டை அடைபடாமல் இருந்திருக்கிறது. இவளை அல்ஜீப்ரா வகுப்பில் உட்காரவைத்தால், தெரிந்ததையே மறுபடி கேட்டுவிட்டு, தெரியாததில் மறுபடி தவறுவாள்.

கணக்கில் திணறும் பிள்ளைகளில் பலருடைய நிலை இதுதான். ஆகவே டியூஷன் தேடும் பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது, பிள்ளையின் பழைய விடைத்தாள் நாலைந்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே மாதிரித் தவறு எங்கெல்லாம் திரும்ப வருகிறது என்று பார்ப்பது. கணக்கு தெரியாத பெற்றோரும் இதைச் செய்யலாம். தவறான விடைகளைச் சரியான விடையோடு பக்கத்தில் வைத்து, எந்த வரியில் இரண்டும் பிரிகின்றன என்று கோடு போட்டால் போதும். பெரும்பாலும் பின்னம், மைனஸ் குறி, வகுத்தல் இந்த மூன்றில் ஒன்றில்தான் அது போய் நிற்கும். -7 + 3 என்றால் -10 என்று எழுதும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நிறையவே இருக்கிறார்கள்.

எழுத்துக் கணக்கில் மட்டும் பிள்ளை தவறுகிறதா என்பதையும் கவனியுங்கள். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளையாக இருந்தால், அதே கேள்வியை நீங்கள் தமிழில் சொல்லிப் பாருங்கள். உடனே போட்டுவிட்டால், குறை கணக்கில் இல்லை, கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்வதில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தமிழில் விளக்கிவிட்டு, பிறகு ஆங்கிலக் கேள்வியோடு பொருத்திக் காட்டும் ஆசிரியர்தான் வேண்டும்.

இனி ஆசிரியரைத் தேடலாம். போன முறை எத்தனை பேர் சென்டம் வாங்கினார்கள் என்ற கேள்வியால் உங்களுக்குப் பயனில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் எங்கே சேர்ந்தாலும் சென்டம் வாங்குவார்கள். அந்த விடைத்தாளை ஆசிரியர் கையில் கொடுத்து, "இவள் எங்கே தடுமாறுகிறாள், சார்?" என்று மட்டும் கேளுங்கள். தாளைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "மூன்று மாதத்தில் எழுபது, எண்பது வாங்க வைக்கிறேன்" என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். நல்ல ஆசிரியர் பிள்ளையைக் கூப்பிட்டு அருகில் உட்கார வைப்பார். "25-இல் பாதி எவ்வளவும்மா?" என்பார். பன்னிரண்டரை என்பாள். "அதுவே பத்தைத் தாண்டிவிட்டதே, இன்னும் மூன்றில் ஒரு பங்கை வேறு கூட்ட வேண்டுமே?" என்பார். அப்போது அவளே திரும்பித் தன் முதல் வரியைப் பார்ப்பாள். அதன்பின் அரையை 3/6 ஆகவும், மூன்றில் ஒன்றை 2/6 ஆகவும் மாற்றிக்காட்டினால், 5x/6 = 10, x = 12 என்பது அவளுக்கே வந்துவிடும். பன்னிரண்டில் பாதி ஆறு, மூன்றில் ஒரு பங்கு நான்கு, மொத்தம் பத்து என்று சரிபார்க்கவும் சொல்லிக்கொடுப்பார். இந்தப் பத்து நிமிடத்தை நீங்கள் உடனிருந்து பார்த்தாலே அவரைப் பற்றித் தெரிந்துவிடும். அவர் பேசியது அதிகமா, பிள்ளை பேசியது அதிகமா என்பதையும் கவனியுங்கள்.

எம்.எஸ்ஸி. படித்தவரா, கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவரா என்பது இங்கே இரண்டாம்பட்சம். ஓட்டை ஆறாம் வகுப்பில் இருந்தால், பல வருடம் அந்த வகுப்பை எடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பிளஸ் டூவுக்குப் பெயர்பெற்றவரைவிட நன்றாகச் சொல்லித்தருவார். பள்ளியில் பாடம் எடுக்கும் ஆசிரியரிடமே டியூஷன் வைக்கப் பலர் விரும்புகிறார்கள். பணியில் இருக்கும் ஆசிரியர் தனியாக டியூஷன் எடுப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 28-ஆவது பிரிவில் தடை செய்திருக்கிறது.

எத்தனை பேரோடு உட்காருகிறார்கள் என்பது முக்கியம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை இருபது, முப்பது பேரை ஒரே கூடத்தில் அமர்த்தி வீட்டுப்பாடம் முடிக்க வைக்கும் இடங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. திணறும் பிள்ளை அங்கே சத்தமே போடாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிவிடும். வீட்டுப்பாடம் முடிந்திருக்கும், கணக்கு வந்திருக்காது. என் கருத்தில், இப்படிப்பட்ட பிள்ளைக்கு நாலைந்து பேருக்கு மேல் இல்லாத குழு வேண்டும். அது கிடைக்காவிட்டால் தினமும் போகும் பெரிய சென்டரைவிட, வாரம் இரண்டு நாள் தனியாகச் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் மேல்.

பிள்ளை பத்தாம் வகுப்பில் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். பொதுத்தேர்வில் நூறுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி. அதில் வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும் சேர்த்து 16 மதிப்பெண். பயிற்சியால் பிடித்துவிடக்கூடிய பகுதி இது. பின்னத்துக்குத் திரும்பிப்போக நேரம் இல்லாத ஜனவரி மாதத்தில், இதையும் ஒரு மதிப்பெண் கேள்விகளையும் பழக்கித் தேர்ச்சிபெற வைக்கும் ஆசிரியரைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே அதே வழியில் ஓட்டுபவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

சேர்த்த பிறகு, முதல் தேர்விலேயே மதிப்பெண் கூடவில்லை என்று பதறி ஆசிரியரை மாற்ற வேண்டாம். டியூஷனில் ஆறாம் வகுப்புப் பின்னம் நடக்கும்போது பள்ளியில் பாடம் முன்னே போய்க்கொண்டிருக்கும். மதிப்பெண்ணில் தெரிவதற்கு முன்பே நோட்டில் தெரியும். ஆறு வாரம் கழித்து அதே வகைக் கணக்கை எண்களை மட்டும் மாற்றி நீங்களே கொடுங்கள்: x/3 + x/4 = 14. விடை 24 வந்தால் டியூஷன் வேலை செய்கிறது. 49 வந்தால், மறுபடியும் மேலோடு மேலும் கீழோடு கீழும் கூட்டியிருக்கிறாள். ஆசிரியரிடம் உடனே பேச வேண்டும். இதற்காகவே வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாமல் மாதாமாதம் கட்டும் இடமாகப் பாருங்கள்.

பொறுமையாக, தனியாகச் சொல்லிக்கொடுத்தும் எது பெரிய எண், எது சின்ன எண் என்பதிலேயே பிள்ளை தொடர்ந்து குழம்பினால், அது டியூஷனால் தீரும் விஷயமாக இல்லாமல் இருக்கலாம். டிஸ்கால்குலியா எனப்படும் கற்றல் குறைபாடா என்று உளவியல் நிபுணரிடம் காட்டிப் பார்க்க வேண்டும். முறைப்படி சான்று பெற்ற பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் உண்டு.

மற்றப் பிள்ளைகளுக்கு, இந்த வாரமே பழைய விடைத்தாள்களைத் தேடி எடுங்கள். பள்ளி திருப்பித் தராமல் வைத்திருந்தால் கேட்டு வாங்குங்கள். அவற்றைப் பார்க்காமலேயே பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் இடத்தில் சேர்க்காதீர்கள்.