கூரியர் பில்லில் எடை எகிறிடுச்சா? ரேட் கார்டை வைத்து கேள்வி கேட்பது எப்படி?

ஆன்லைனில் பொருள் விற்கும் சிறு நிறுவனங்களுக்கு மாதக் கடைசியில் வரும் கூரியர் பில் ஒரு தனி தலைவலி. அனுப்பியது ஐந்தரை கிலோ, பில்லில் இருப்பது 9 கிலோ. போன் போட்டால், "மெஷின்ல வந்த வெயிட்தான் சார்" என்று பதில் வரும். பெரும்பாலானோர் அதோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால், அந்த 9 எப்படி வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.

9 கிலோ எங்கிருந்து வந்தது?

கூரியரில் நிஜ எடை மட்டும் கணக்கு இல்லை. பெட்டி வண்டியில் அடைக்கும் இடத்துக்கும் ஓர் எடை உண்டு. அதுதான் வால்யூமெட்ரிக் வெயிட். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, ரேட் கார்டில் சொன்ன எண்ணால் வகுக்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் அந்த எண் 5000. நிஜ எடை, வால்யூமெட்ரிக் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு.

திருப்பூரில் டி-ஷர்ட் விற்கும் ஒரு கடை, பெங்களூருவுக்கு ஒரே மாதிரி 60 பெட்டிகள் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டி அளவு 40 × 30 × 30. பெருக்கினால் 36,000. அதை 5000-ஆல் வகுத்தால் 7.2 கிலோ. அடுத்த முழு கிலோவுக்கு ஏற்றுவோம் என்று ரேட் கார்டில் இருந்தால் 8 கிலோ. ஐந்தரை கிலோவுக்கு 8 கிலோ காசு என்பது கடுப்பாக இருக்கும்தான். ஆனால் கையெழுத்துப் போட்டது அதற்குத்தான், அதில் சண்டை போட முடியாது.

சண்டை போட வேண்டியது அந்த ஒன்பதாவது கிலோவுக்கு. அது வர இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பில்லிங் சிஸ்டத்தில் 5000-க்குப் பதில் 4000 போட்டிருக்கலாம். 36,000-ஐ 4000-ஆல் வகுத்தால் சரியாக 9. இன்னொன்று, துணியைத் திணித்ததில் பெட்டி புடைத்து, கூரியர் ஹப்பில் 42 × 32 × 32 என்று அளந்திருக்கலாம். அப்போது 5000-ஆல் வகுத்தாலே 8.6 வரும், ஏற்றினால் 9. இந்த இரண்டாவது வழியில் வந்திருந்தால் கூரியர் சொல்வதுதான் சரி.

அதனால் முதல் மெயிலிலேயே "தப்பு பில்" என்று எகிற வேண்டாம். ஒவ்வொரு ஏர்வே பில் எண்ணுக்கும் ஹப்பில் பதிவான நீள, அகல, உயரத்தைக் கேளுங்கள். எடையை மட்டும் அனுப்பினால் ஏற்கக் கூடாது. புடைப்பு என்றால் பெட்டிக்குப் பெட்டி அளவு கொஞ்சம் மாறும். 60 பெட்டியும் 40 × 30 × 30 என்றே பதிவாகி எடை மட்டும் 9 என்றிருந்தால், வகுக்கும் எண்ணில்தான் கோளாறு.

எவ்வளவு கேட்கலாம்?

கிலோவுக்கு 22 ரூபாய் ரேட் என்றால், 60 பெட்டிக்கு கூடுதலாகப் போட்டது 1,320 ரூபாய். இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். எரிபொருள் சர்சார்ஜ் அடிப்படைக் கட்டணத்தின் மேல் சதவீதமாக ஏறும். அது 15% என்றால் இன்னொரு 198 ரூபாய். ஆக 1,518. அதன் மேல் 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 1,791 ரூபாய் 24 காசு. கேட்க வேண்டியது இந்த முழுத் தொகையை.

"அடுத்த பில்லில் கழிச்சிக்கலாம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 34-வது பிரிவில் இதற்கென்றே கிரெடிட் நோட் இருக்கிறது. அது வந்தால்தான் வரிக் கணக்கும் நேராகும்.

கையில் என்ன இருக்க வேண்டும்?

பிக்கப் நடந்த தேதியில் அமலில் இருந்த ரேட் கார்டு முக்கியம். நடுவில் ரேட் மாறியிருந்தால், பழைய பிடிஎஃப் செல்லாமல் போகலாம். சேல்ஸ் ஆள் வாட்ஸ்அப்பில் சொன்ன ரேட், கையெழுத்தான ரேட் கார்டுக்கு முன்னால் நிற்பது கஷ்டம்.

அடுத்தது, பிக்கப் பையன் கையெழுத்துப் போட்ட மேனிஃபெஸ்ட், அட்டைப்பெட்டி வாங்கிய பில் (அதில் அளவு இருக்கும்), ஒட்டிய பிறகு டேப் வைத்து எடுத்த போட்டோ. காலிப் பெட்டியின் போட்டோ உதவாது, ஏன்னா புடைப்பு அதில் தெரியாது.

மெயிலில் நீண்ட கதை வேண்டாம். ஏர்வே பில் எண், பில்லில் போட்ட எடை, ரேட் கார்டுப்படி எடை, வித்தியாசம் என ஒரு எக்ஸெல் ஷீட் போதும். ரேட் கார்டில் அந்த விதி இருக்கும் பக்க எண்ணையும் குறிப்பிடுங்கள்.

எத்தனை நாளுக்குள் ஆட்சேபம் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். தாண்டினால் பில்லை ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளும் ஒப்பந்தங்கள் உண்டு. அதேபோல், கோபத்தில் மொத்த பில்லையும் நிறுத்தி வைத்தால் அக்கவுன்ட்டை முடக்கி பிக்கப்பை நிறுத்திவிட வாய்ப்பிருக்கிறது. சர்ச்சை இல்லாத தொகையைக் கெடுவுக்குள் கட்டிவிட்டு, மீதி 1,791 ரூபாயை மட்டும் 'ஆட்சேபத்தில் உள்ளது' என்று எழுதி நிறுத்தி வைக்கலாம்.