நான்கு பச்சைக் கட்டங்கள் விரிக்கும் வலை

காலைத் தேநீரோடு வேர்டில் விளையாடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஜோஷ் வார்டில் உருவாக்கி, 2022-இல் நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் வாங்கிய இவ்விளையாட்டில், ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை ஆறு முயற்சிகளுக்குள் கண்டறிய வேண்டும். எழுத்து தன் இடத்தில் அமைந்தால் பச்சை, சொல்லில் இருந்தும் இடம் மாறினால் மஞ்சள், இல்லையெனில் சாம்பல். ஒரு நாள் தோற்றாலும், மாதக்கணக்கில் சேர்த்த தொடர் வெற்றிக் கணக்கு சுழியத்துக்குத் திரும்பிவிடும். நாம் அவ்வாறு தோற்ற நாள்களுள் பல, ஒன்றும் புலப்படாமல் தவித்தவை அல்ல; இரண்டாம் முயற்சியிலேயே நான்கு கட்டங்கள் பச்சையானவை.

முதலில் YACHT என இடுகிறோம். இறுதி இரண்டு எழுத்துகள் பச்சையாகின்றன. அடுத்து LIGHT, முதலெழுத்தைத் தவிர மற்ற நான்கும் பச்சை. மகிழ்ச்சியில் கை தானாகவே NIGHT என்று தட்டச்சு செய்ய விரைகிறது. அங்கேதான் சற்று நிற்க வேண்டும். EIGHT, FIGHT, MIGHT, NIGHT, RIGHT, SIGHT, TIGHT என ஏழு சொற்கள் எஞ்சியுள்ளன, முயற்சிகளோ நான்கே. ஒவ்வொரு தவறான ஊகமும் ஒரு சொல்லை மட்டுமே நீக்கும். ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக முயன்றால், ஏழில் மூன்று பங்கு தோல்விக்கு இடமுண்டு.

மாறாக, விடையாக இருக்க முடியாது என்று அறிந்தே மூன்றாவதாக TERMS என இடுவோம். எஞ்சிய முதலெழுத்துகளுள் ஐந்து இதில் அடங்கியுள்ளன. E, R, M, S ஆகியவற்றுள் ஒன்று மஞ்சளானால், அதுவே விடையின் முதலெழுத்து. T மட்டும் சற்று ஏமாற்றும்: எல்லாச் சொற்களும் T-இல் முடிவதால் அது மஞ்சளாவதில் புதுச் செய்தி ஏதுமில்லை, பச்சையானால் விடை TIGHT. வேறு எதுவும் நிறம் பெறாவிடில் FIGHT, NIGHT என்ற இரண்டே மிஞ்சும். ஒரு முயற்சியைச் 'செலவழித்து' ஐந்தாவதற்குள் உறுதியாக முடித்துவிடுகிறோம்.

எல்லா வேளையிலும் இம்முறை தேவையில்லை. எஞ்சிய சொற்கள் எஞ்சிய முயற்சிகளைவிட மிகாதிருந்தால் நேரடியாக ஊகித்தாலும் தோல்வி இல்லை. மூன்று சொற்களும் இரண்டு முயற்சிகளும் மீதமிருக்கும்போது பிரித்தறிவதே நன்று. ஆறாவது முயற்சியில் அதற்கு வழியே இல்லை.

விளையாட்டின் கடின முறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்த வாயிலும் அடைபட்டிருக்கும். பச்சையான எழுத்துகளை அங்கு அதே இடத்தில் மீண்டும் இட்டாக வேண்டுமாதலால் TERMS ஏற்கப்படாது. அவர்கள் YACHT இட்டபோதே வலைக்குள் பாதி சென்றுவிட்டார்கள். எனவே அம்முறையில் HT என முடியும் சொல்லைத் தொடக்கத்தில் நாம் இடுவதே இல்லை.