பெயரைத் தட்டத் தெரியணும், தொழிலைப் படித்ததும் புரியணும்

காங்கேயம் பக்கம் கொப்பரைக் களங்களுக்கு நடுவே மரச்செக்கு வைத்திருக்கும் ஒருவர் வெப்சைட் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். கடை போர்டில் இருப்பது 'ஸ்ரீ வேலவன் டிரேடர்ஸ்'. அதையே sreevelavantraders.com என்று பதிவு செய்யத்தான் முதலில் தோன்றும். உள்ளூரில் அந்தப் பெயரால் தொல்லையில்லை. செக்கு ஓடும் சத்தமே தொழிலைச் சொல்லிவிடும். ஆனால் சென்னையில் செல்போனைப் பார்ப்பவருக்கு 'டிரேடர்ஸ்' என்றால் சிமென்ட்டா, உரமா, எண்ணெயா?

அதைவிடப் பெரிய சிக்கல் எழுத்துக்கூட்டல். தமிழில் ஒரே மாதிரி எழுதும் பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாகத் தட்டுவார்கள். "அண்ணா, ஸ்ரீக்கு எஸ்-ஆர்-ஐயா, எஸ்-எச்-ஆர்-ஐயா?" என்று கேட்பவராவது பரவாயில்லை. கேட்காமலே தவறாகத் தட்டிவிட்டு, தளம் வரவில்லை என்று வேறு கடைக்குப் போகிறவர்தான் நஷ்டம். 'செக்கு' என்று சேர்த்தாலும் chekku, sekku என்று இரண்டு வழி. ஊர்ப் பெயரைச் சேர்க்கலாமென்றால் அதுவும் Kangayam, Kangeyam என்று இருவிதமாகப் புழங்குகிறது.

எனவே 'ஸ்ரீ'யையும் 'டிரேடர்'ஸையும் விட்டுவிட்டு velavanoil.in என்று சுருக்கிப் பார்க்கலாம். 'வேலவன்' பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் தட்டப்படும். 'ஆயில்' பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். கடையை அறிந்தவர்களுக்குப் பழைய பெயரும் மறையவில்லை. நடுவில் கோடு போடும் பெயர்களைத் தவிர்ப்பது நல்லது. ஃபோனில் சொல்லும்போது அந்தக் கோடுதான் முதலில் விட்டுப்போகும். சொற்களை ஒட்டி எழுதியதும் வேறு அர்த்தம் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். வல்லுநர்கள் கேள்வி-பதில் பரிமாறும் ஓர் ஆங்கிலத் தளம் expertsexchange.com என்று பெயர் வைத்துவிட்டு, அதை ஆபாசமாகப் பிரித்துப் படிக்க முடிந்ததால் பின்னர் நடுவே கோடு சேர்க்க வேண்டியதாயிற்று.

பெயரைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. தொழிலோடு தொடர்பில்லாத மூன்று நான்கு பேருக்கு ஃபோன் செய்து, எழுத்துக்கூட்டாமல் பெயரை ஒரே முறை சொல்லி, வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பச் சொல்லுங்கள். ஆளுக்கொரு விதமாக வந்தால் அந்தப் பெயர் வேண்டாம். ஒருவர் மட்டும் velavanoils என்று அனுப்பினால், முடிந்தால் அதையும் வாங்கி முதல் முகவரிக்குத் திருப்பிவிடலாம். இதே பெயரில் .com வைத்து வேறொருவர் எண்ணெய் விற்கிறாரா, வணிக முத்திரையாகப் பதிந்திருக்கிறாரா என்பதையும் பணம் கட்டும் முன்பே தேடிவிட வேண்டும்.

தமிழ் எழுத்திலேயே, .இந்தியா என்று முடியும் முகவரி வாங்கவும் வழியுண்டு. ஆனால் சில இடங்களில் அது xn-- என்று தொடங்கும் புரியாத எழுத்துக் கோர்வையாகத் தெரியும். அதனால் அதைக் கூடுதல் முகவரியாக வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு செய்தும் பெயரால் சொல்ல முடிந்தது 'எண்ணெய்' என்பது மட்டுமே. மீதியைப் பெயருக்குக் கீழே வரும் ஒற்றை வரி சொல்ல வேண்டும். 'பாரம்பரியச் சுவை, தலைமுறைகளின் நம்பிக்கை' என்று எழுதினால் காதுக்கு இனிமைதான். ஆனால் அதை அப்படியே எடுத்துக் காபித்தூள் கடைக்கோ கல்யாண சமையல்காரருக்கோ மாட்டினாலும் பொருந்தும். '100% சுத்தமான மரச்செக்கு எண்ணெய்' கொஞ்சம் தேவலை, தொழிலாவது தெரிகிறது. ஆனால் அதை எதிர்க்கடைக்காரரும் போட்டுக்கொள்ளலாம்.

எதிர்க்கடைக்காரர் போட முடியாத வரி வேண்டுமானால், வாடிக்கையாளர் இந்தக் கடையைத் தேடி வருவது எதற்காக என்று பார்க்க வேண்டும். இவரிடம் எண்ணெய் வாங்க வருவோர் பாதி. வீட்டுக் கொப்பரையையும் கடலையையும் மூட்டையாகக் கொண்டுவந்து கூலிக்கு ஆட்டிப் போவோர் மீதி என்று வைத்துக்கொள்வோம். அப்போது வரி தானாகக் கிடைக்கிறது: 'காங்கேயத்தில் மரச்செக்கு எண்ணெய், உங்கள் கொப்பரையும் ஆட்டித் தருவோம்'. ஊர், பொருள், சேவை மூன்றும் வந்துவிட்டன. ஆங்கில எழுத்தில் குழப்பிய ஊர்ப் பெயருக்கும் இங்கே சிக்கலில்லை. இதே வரியைக் கூகுள் தேடலில் தெரியும் பக்கத் தலைப்பிலும் போட வேண்டும். நீண்டால் அங்கே வால் அறுபடும் என்பதால் ஊரும் பொருளும் முன்னால் நிற்பதே சரி. 'சர்க்கரை நோயைக் குணமாக்கும்' என்று ஆசைக்குக்கூடச் சேர்க்கக் கூடாது. உணவுப் பொருள் விளம்பரத்தில் நோய் தீர்க்கும் என்று சொல்வதைச் சட்டம் தடுக்கிறது.

டொமைனைப் பதிவு செய்யும்போது உரிமையாளர் பெயரும் மின்னஞ்சலும் கடைக்காரருடையதாக இருக்கட்டும், வெப்சைட் செய்து தருபவருடையதாக வேண்டாம். இது விலைக்கு வாங்கும் சொத்தன்று, காலக்கெடு வைத்த வாடகை. முதல் வருடச் சலுகை விலையைவிடப் புதுப்பிக்கும் கட்டணம் கூடலாம். அதையும் கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். புதுப்பிக்கச் சொல்லி வரும் மின்னஞ்சல் வேறொருவர் பெட்டியில் விழுந்தால் கெடு தாண்டுவதே தெரியாது. அதன்பிறகும் புதுப்பிக்காமலே விட்டால், கடைசியில் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பதிந்துகொள்ளலாம், எதிர்க்கடைக்காரர் உட்பட.