மதிப்பெண் பட்டியல் இல்லாமல் ஒரு சராசரி

தேர்வு முடிந்து விடைத்தாள்கள் திருத்தியானதும் பள்ளிகளில் ஒரு தாள் தயாராகும். எந்த மாணவர் எத்தனை மதிப்பெண் வாங்கினார் என்பது அதில் இருக்காது. முப்பதுகளில் இத்தனை பேர், நாற்பதுகளில் இத்தனை பேர் என்ற தலைக்கணக்கு மட்டும் இருக்கும். சில ஆண்டுகள் கழித்து மதிப்பெண் பதிவேடு கிடைக்காமல் போய், கோப்பில் இந்த ஒற்றைத் தாள் மட்டும் மிஞ்சுவதுண்டு. அந்த ஆண்டு வகுப்பின் சராசரி என்ன, மாணவர்களின் மதிப்பெண்கள் எவ்வளவு சிதறிக் கிடந்தன என்று அப்போது யாராவது கேட்டால், இந்தத் தாளை வைத்துக்கொண்டே ஓரளவு நம்பகமான பதிலைச் சொல்லிவிட முடியும். எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல முடியும்.

நாற்பது பேர் படித்த ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக எழுதிய எண்கள்தான். ஆனால் தாள் இப்படித்தான் இருக்கும்.

| மதிப்பெண் | மாணவர்கள் | படி |
|---|---|---|
| 30–39 | 4 | −2 |
| 40–49 | 6 | −1 |
| 50–59 | 10 | 0 |
| 60–69 | 12 | 1 |
| 70–79 | 5 | 2 |
| 80–89 | 3 | 3 |

முப்பதுகளில் உள்ள நான்கு பேரும் தனித்தனியாக என்ன வாங்கினார்கள் என்று தெரியாது. ஆகவே நால்வரும் அந்தப் பிரிவின் மையப்புள்ளியை வாங்கியதாக வைத்துக்கொள்கிறோம். கணக்கு முழுவதும் இந்த ஒரே அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது.

மையப்புள்ளி எது என்பதிலேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். முழு எண்களாகவே மதிப்பெண் போடும் தேர்வில், முப்பதுகளில் வரக்கூடியவை 30, 31 என்று தொடங்கி 39 வரை உள்ள பத்து எண்கள். அவற்றின் நடு 34.5. பாடநூலில் 30–40, 40–50 என்று எழுதிப் பழகிய கை தானாகவே 35 என்று போட்டுவிடும். அப்படிப் போட்டால் ஒவ்வொரு பிரிவும் அரை மதிப்பெண் மேலே நகர்ந்து, சராசரியும் சரியாக அரை மதிப்பெண் கூடிவிடும். எல்லாப் பிரிவுகளும் ஒரே அளவு நகர்வதால் திட்ட விலக்கம் மாறாது. அதனாலேயே இந்தத் தவறு கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது.

இனி கணக்கு. 34.5, 44.5 என்று தசமங்களைப் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டாம். நடுவில் உள்ள 54.5-ஐ ஊகச் சராசரியாக வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு பிரிவும் எத்தனை படி தள்ளியிருக்கிறது என்று எண்ணினால் போதும். மூன்றாவது பத்தியில் இருப்பது அதுதான். படியை ஆள்கணக்கால் பெருக்கினால் −8, −6, 0, 12, 10, 9, கூட்டினால் 17. நாற்பது பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 0.425 படி. ஒரு படிக்குப் பத்து மதிப்பெண் என்பதால் 4.25. அதை 54.5-உடன் சேர்த்தால் சராசரி 58.75.

திட்ட விலக்கத்துக்கு அதே படிகளை வர்க்கப்படுத்தி ஆள்கணக்கால் பெருக்க வேண்டும்: 16, 6, 0, 12, 20, 27. மொத்தம் 81. நாற்பதால் வகுத்தால் 2.025. இதிலிருந்து முன்பு கிடைத்த 0.425-இன் வர்க்கமான 0.1806-ஐக் கழிக்க வேண்டும். நாம் அளந்தது ஊகச் சராசரியிலிருந்து, உண்மைச் சராசரியிலிருந்து அல்ல என்பதைச் சரிக்கட்டுவது இந்தக் கழித்தல்தான். மீதி 1.8444, வர்க்கமூலம் 1.358. பத்தால் பெருக்கினால் திட்ட விலக்கம் 13.58 மதிப்பெண்.

இந்த 58.75-ஐ எவ்வளவு நம்பலாம்? எல்லா மாணவர்களும் தத்தம் பிரிவின் அடிமட்டத்திலேயே இருந்திருந்தால் சராசரி 54.25; எல்லாரும் உச்சியில் இருந்திருந்தால் 63.25. இந்த இரண்டுக்கும் வெளியே உண்மைச் சராசரி போகவே முடியாது. ஆனால் நாற்பது பேரும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பது நடக்காத காரியம். ஒருவர் மையத்துக்கு மேலே இருந்தால் இன்னொருவர் கீழே இருப்பார். பிரிவுக்குள் மதிப்பெண்கள் தாறுமாறாகப் பரவியிருந்தால், இந்த அளவு வகுப்பில் சராசரியில் நேரும் பிழை பெரும்பாலும் அரை மதிப்பெண்ணை ஒட்டியே இருக்கும். பதிவேடு தொலைந்ததால் சராசரிக்கு நேரும் சேதம் வியக்கத்தக்க அளவுக்குச் சிறியது.

திட்ட விலக்கத்தின் கதை வேறு. மேல் பிழையும் கீழ்ப் பிழையும் அங்கே ஒன்றையொன்று விழுங்குவதில்லை. மதிப்பெண்கள் நடுவில் குவிந்து இருபுறமும் மெலியும் வகுப்பில், எழுபதுகளில் இருப்பவர்கள் 79-ஐவிட 70-ஐ ஒட்டியே அதிகம் இருப்பார்கள். அவர்களை 74.5-இல் உட்காரவைக்கும்போது சராசரியிலிருந்து சற்று தள்ளி வைத்துவிடுகிறோம். முப்பதுகளில் இருப்பவர்களுக்கும் எதிர்ப்பக்கத்தில் இதுவே நடக்கிறது. சராசரியைப் பொறுத்தவரை இரண்டும் ஈடாகிவிடும். சிதறலோ இருபக்கமும் சேர்ந்து ஊதிவிடும்.

திட்ட விலக்கத்துக்கு ஆங்கிலத்தில் இன்றுள்ள பெயரைத் தந்தவர் கார்ல் பியர்சன், 1890-களில். அதே பத்தாண்டில், பிரிட்டனின் கல்வித் துறையில் பணியாற்றிய வில்லியம் ஃப்ளீட்வுட் ஷெப்பர்டு இந்த ஊதலுக்கு ஒரு திருத்தம் கண்டார். பிரிவின் அகலத்தை வர்க்கப்படுத்திப் பன்னிரண்டால் வகுத்து, வர்க்கப்படுத்திய திட்ட விலக்கத்திலிருந்து கழிக்க வேண்டும். நம் கணக்கில் 184.44-இலிருந்து 100/12, அதாவது 8.33-ஐக் கழித்தால் 176.11, திட்ட விலக்கம் 13.27 ஆகக் குறைகிறது. பத்து மதிப்பெண் பிரிவுகளுக்கு இது சிறு வித்தியாசம். இருபது மதிப்பெண் அகலமாகப் பிரித்திருந்தால் கழிக்க வேண்டியது நான்கு மடங்காகிவிடும்.

ஆனாலும் இத்திருத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. இரு ஓரங்களிலும் மெலிந்து முடியும் பரவலுக்குத்தான் அது பொருந்தும். எளிய வினாத்தாளால் பாதி வகுப்பு தொண்ணூறுகளில் குவிந்து நூறில் முட்டி நின்றாலோ, எல்லாப் பிரிவிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை இருந்தாலோ, திருத்தம் விடையை இன்னும் கெடுத்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து தாளின் முதல் வரியில் காத்திருக்கிறது. பல பள்ளித் தாள்களில் அது 30–39 என்று இருக்காது. '40-க்குக் கீழே' என்றுதான் இருக்கும். பூச்சியத்திலிருந்து 39 வரை என்று எடுத்தால் மையப்புள்ளி 19.5. நம் நான்கு மாணவர்களையும் அங்கே இறக்கிப் பார்த்தால் சராசரி 57.25 ஆகிறது, ஒன்றரை மதிப்பெண் இறக்கம். திட்ட விலக்கமோ 13.58-இலிருந்து 16.66-க்குத் தாவுகிறது. நாற்பது பேரில் நான்கு பேரைப் பற்றிய ஓர் ஊகம் சிதறலையே மூன்று மதிப்பெண் மாற்றிவிட்டது. தூரத்தை வர்க்கப்படுத்துவதால் ஓரத்தில் இருப்பவர்களுக்குத் திட்ட விலக்கத்தில் அவ்வளவு கனம். தேர்வுக்கே வராதவர்களைப் பூச்சியமாக எண்ணி இந்த வரியில் சேர்த்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஆகவே முதல் வரியும் கடைசி வரியும் திறந்தபடி இருக்கும் தாளில் ஒரே விடையைச் சொல்லி நிறுத்தாமல், நியாயமான இரண்டு மையப்புள்ளிகளை வைத்து இரண்டு விடைகளையும் எழுதிவிடுவது நேர்மையானது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தேர்ச்சிக்கு 35 வேண்டும். இப்படி ஒரு கோடு இருக்கும்போது, அதைத் தொட முயன்று தவறியவர்கள் கோட்டுக்குச் சற்றுக் கீழேயும், தட்டுத்தடுமாறி ஏறியவர்கள் கோட்டின் மேலேயும் கூடியிருக்க வாய்ப்புண்டு. அடிப் பிரிவின் நடுவை அப்படியே எடுப்பதைவிட அந்த வகுப்பை நடத்திய ஆசிரியரிடம் 'மிகக் குறைந்த மதிப்பெண் எது என்று நினைவிருக்கிறதா?' என்று கேட்பது மேல். 22 என்று அவர் சொன்னால் பிரிவு 22 முதல் 39 ஆகச் சுருங்கும், மையப்புள்ளி 30.5-க்கு ஏறும்.

வகுப்பின் மொத்த மதிப்பெண் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்றும் தேடிப் பார்க்கலாம். 2,340 என்று இருந்தால் உண்மைச் சராசரி 58.5. நம் விடையிலிருந்து கால் மதிப்பெண்தான் விலகல். மையப்புள்ளிகள் சரியாகவே நின்றிருக்கின்றன. விலகல் இரண்டு மூன்று மதிப்பெண்ணாக இருந்தால், முதலில் திரும்பிப் பார்க்க வேண்டியது அந்த '40-க்குக் கீழே' வரியைத்தான்.