12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு

மோட்டார் வண்டியின் 12 வோல்ட் பேட்டரியைக் கொண்டு, 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் வேண்டும் ஒரு சிறு கருவியை இயக்க விரும்புகிறவர் கடைக்குச் சென்றால், 7805 என்னும் மூன்று கால் ரெகுலேட்டரைத்தான் பெரும்பாலும் முதலில் எடுத்துக் கொடுப்பார்கள். இந்த லீனியர் வகை, மின்சாரம் செல்லும் வழியிலேயே நின்று, வேண்டாத 7 வோல்ட்டையும் தன்மேல் ஏற்றுக்கொள்வது. பேட்டரியிலிருந்து வரும் அரை ஆம்பியரும் அதனூடாகவே போயாக வேண்டுமாதலால், 7 வோல்ட்டை அரை ஆம்பியரால் பெருக்கிவரும் மூன்றரை வாட் முழுவதும் உஷ்ணமாக விரயமாகிறது. கருவிக்குக் கிடைப்பதோ இரண்டரை வாட்தான். பேட்டரி கொடுத்ததில் பாதிக்கும் குறைவான இந்த 42 சதவீதம் எவ்வளவு நல்ல 7805 வாங்கினாலும் மாறாது. ஏனெனில் அது 5-க்கும் 12-க்கும் உள்ள விகிதமேயன்றி வேறன்று.

உலோகத் தகடு பொருத்தாத 7805, விரயமாகும் ஒவ்வொரு வாட்டுக்கும் ஏறத்தாழ 65 டிகிரி சூடேறும். ஆகவே நம் கணக்கில் உஷ்ணம் 200 டிகிரிக்கு மேல் உயர முற்படும். அதற்குள் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று விழித்துக்கொண்டு மின்சாரத்தைத் தடுத்துவிடுவதால், கருவி சற்று நேரம் ஓடி, நின்று, ஆறியபின் மறுபடி ஓடும். இந்த லட்சணத்தைக் கண்டவர் கருவியைச் சந்தேகிக்காமல், முதலில் ரெகுலேட்டரின் சூட்டைக் கவனிப்பது நலம், விரலால் தொட்டல்ல!

ஸ்விட்சிங் வகையைச் சேர்ந்த எல்.எம். 2596 வேறொரு தந்திரத்தைக் கையாள்கிறது. அதிலுள்ள டிரான்சிஸ்டர், விநாடிக்கு 1,50,000 முறை மூடித் திறக்கும் ஸ்விட்ச்சாக வேலை செய்கிறது. மூடியிருக்கும்போது அதன்மேல் வோல்ட் சொற்பம், திறந்திருக்கும்போது மின்னோட்டமே இல்லை, ஆதலின் இரண்டின் பெருக்குத்தொகையான உஷ்ணமும் சொற்பமே. மூடிய வேளையில் ஒரு கம்பிச்சுருள் காந்தப்புலமாகச் சேமித்த சக்தி, திறந்த வேளையில் டயோடு வழியே கருவிக்குப் பாய, இடைப்பட்ட ஏற்ற இறக்கத்தைக் கப்பாசிட்டர் சமன் செய்கிறது. திறன் 80 சதவீதம் என்று கொண்டால், கருவி அரை ஆம்பியர் பெறும்போது பேட்டரி கொடுப்பது கால் ஆம்பியருக்குச் சற்றே அதிகம். வீணாவது முக்கால் வாட்டுக்கும் குறைவு.

ஆனால் அந்தத் திறப்பும் மூடலும் ஓசைப்படாமல் நடப்பதில்லை. 150 கிலோஹெர்ட்ஸின் மடங்குகளான 600, 750, 900 ஆகியன மத்திய அலை ரேடியோ ஒலிபரப்பும் எல்லைக்குள்ளேயே விழுகின்றன. அருகில் ஒரு ரேடியோவை வைத்து, ரெகுலேட்டரை நிறுத்தினால் இரைச்சலும் நிற்கிறதா என்று பார்த்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும். வெளிவரும் மின்னழுத்தத்திலும் ஸ்விட்சிங் வகையில் பல மில்லிவோல்ட் அலைவு இருக்க, 7805-இன் சொந்த இரைச்சலோ மைக்ரோவோல்ட்டுகளில் எண்ணத்தக்கது.

ரேடியோவுக்கோ மென்மையான ஒலிச்சுற்றுக்கோ மின்சாரம் தருவதாயின், ஸ்விட்சிங் வகையால் 12-ஐ ஏழரையாக இறக்கி, மீதியை 7805-இடம் ஒப்படைப்பதையே நான் விரும்புவேன்; அப்போது 7805-இல் விரயம் ஒன்றேகால் வாட்தான், சிறு தகடு போதும். அதன் சொந்தத் தேவைக்கே சுமார் 2 வோல்ட் வேண்டுமாதலால் ஏழுக்குக் கீழே இறக்கலாகாது. மேலும், தாழ்ந்த அதிர்வெண் அலைவுகளை வெகுவாக அடக்கும் 7805, 150 கிலோஹெர்ட்ஸில் அவ்வளவு வல்லமை காட்டாது. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு சுருளும் கப்பாசிட்டரும் சேர்த்த வடிப்பானை வைத்தாக வேண்டும்.