1.4 பாஸா ஃபெயிலா? ஒரு போர்வெல் ரிப்போர்ட்டைப் படிச்சுப் பார்ப்போம்

போர்வெல் தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நம்மில் பலர் நேரா கடைசி வரிக்குத்தான் போவோம். "அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது"ன்னு இருந்தா மடிச்சு ஃபைல்ல வெச்சிடுவோம். அந்த வரிக்கு மேல ஒரு டேபிள் இருக்கு, அதுக்கும் மேல சாம்பிள் பத்தின நாலு வரி இருக்கு. விஷயம் எல்லாம் அங்கதான்.

தர்மபுரி பக்கம் நம்ம பசங்க ஆறு பேர் வாடகைக்கு இருக்கிற ஒரு மாடி வீட்டோட ரிப்போர்ட்டை எடுத்துக்குவோம். போர் 420 அடி. கீழ் வீட்டுல வீட்டுக்காரம்மா, அவங்க மகள், ரெண்டு வயசுப் பேத்தி. தெருவுல மூணு நாளைக்கு ஒரு தடவை ஒகேனக்கல் தண்ணி வருது. ஆனா குழாயைத் திறந்தா எப்பவும் வர்றது போர் தண்ணிங்கிறதால குடிக்க, சமைக்க எல்லாத்துக்கும் அதையேதான் பிடிச்சுட்டு இருந்தாங்க. உப்பு கரிக்கல, கலங்கலும் இல்ல.

மொதல்ல சாம்பிள். ரிப்போர்ட் தலைப்புல "மாதிரியை வாடிக்கையாளர் கொண்டு வந்தார், முடிவுகள் இந்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்"னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. அர்த்தம் என்னன்னா, லேப் எவ்வளவு துல்லியமா அளந்தாலும் நாம பாட்டில்ல எதைப் பிடிச்சோமோ அதைத்தான் அளக்கும். சிங்க் குழாய்ல பிடிச்சா அது போர் தண்ணி கிடையாது. தொட்டி, பைப் எல்லாம் தாண்டி வந்த தண்ணி.

அதனால எங்க சிவில் டீம் ரெண்டு இடத்துல எடுத்தோம். ஒண்ணு மோட்டார் பைப், மேல் தொட்டிக்குப் போறதுக்கு முன்னாடியே. இன்னொண்ணு மாடி வீட்டு சமையலறைக் குழாய். மோட்டார் போட்ட உடனே வர்றது போர்ல தேங்கிக் கிடந்த தண்ணி. 240 அடிக்குத் தண்ணி நிக்குது, போர் விட்டம் ஆறரை இன்ச், கணக்குப் போட்டா சுமார் 1,560 லிட்டர். பாறை வெடிப்புல இருந்து வர்ற புதுத் தண்ணிதான் நமக்கு வேணும். அதனால மோட்டாரை ஓட விட்டு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஈ.சி. மீட்டர்ல மின்கடத்தும் திறனைப் பார்த்தோம். 1395, 1450, 1478, அப்புறம் 1480-லயே நின்னுடுச்சு. எண் நகராம நிக்குதுன்னா தண்ணி மாறி முடிஞ்சுதுன்னு அர்த்தம், அப்பதான் பிடிச்சோம்.

வேதியியல் சோதனைக்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில், அதே தண்ணில மூணு தடவை அலசிட்டு. கண்ணாடி வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோட வினை புரியும். கிருமி சோதனைக்கு லேப்லயே குடுத்த ஸ்டெரிலைஸ் பண்ண பாட்டில். இதை மட்டும் அலசக் கூடாது, மூடியோட உள்பக்கம் விரல் படக் கூடாது, மேல கொஞ்சம் காத்துக்கு இடம் விடணும். ஐஸ் பெட்டில வெச்சு காலையிலயே லேப்ல சேர்த்தாச்சு. வெயில்ல பைக் பாக்ஸ்ல சாயங்காலம் வரைக்கும் கிடந்த பாட்டில்ல கிருமி எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்ல.

மோட்டார் பைப் சாம்பிளோட ரிசல்ட்ல முக்கியமான வரிகள் மட்டும் இங்க. பி.எச். தவிர எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம். எல்லைகள் ஐ.எஸ். 10500 குடிநீர் தர நிர்ணயப்படி.

பி.எச். – 7.9 (எல்லை 6.5 முதல் 8.5)
டி.டி.எஸ். – 890 (ஏற்கத்தக்கது 500, அனுமதி 2000)
மொத்தக் கடினத்தன்மை – 310 (200, 600)
கால்சியம் – 52 (75, 200)
மெக்னீசியம் – 44 (30, 100)
காரத்தன்மை – 400 (200, 600)
குளோரைடு – 142 (250, 1000)
நைட்ரேட் – 58 (45, தளர்வு இல்லை)
ஃபுளோரைடு – 1.4 (1.0, 1.5)

இந்த எண்களை நம்பலாமான்னு பார்க்க ஒரு சின்னக் கணக்கு இருக்கு. கால்சியத்தை 2.5-ஆலயும் மெக்னீசியத்தை 4.1-ஆலயும் பெருக்கிக் கூட்டினா மொத்தக் கடினத்தன்மை வரணும். 130-ம் 180-ம் சேர்ந்து 310. சரியா வருது. இது பெருசா இடிச்சா லேப்புக்கு ஃபோன் போட்டுக் கேட்கலாம்.

இப்ப ஒவ்வொரு வரிக்கும் ஏன் ரெண்டு எல்லை? இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. முதல் எண் "ஏற்கத்தக்க எல்லை". ரெண்டாவது எண்ணோட முழுப் பெயர் "மாற்று நீராதாரம் இல்லாத நிலையில் அனுமதிக்கப்பட்ட எல்லை". அந்த "மாற்று இல்லாத நிலையில்"ங்கிறது ஒரு நிபந்தனை. வேற தண்ணியே கிடைக்காத ஊருக்குக் குடுத்த சலுகை அது. லேப்காரருக்கு நம்ம தெருவுல என்ன தண்ணி வருதுன்னு தெரியாது, அதனால 1.4-ஐ 1.5-ஓட ஒப்பிட்டு "அனுமதி அளவுக்குள்"னு எழுதிட்டார். அவர் மேல தப்பில்ல. ஆனா இந்த வீட்டு வாசல்ல ஒகேனக்கல் குழாய் இருக்கு. அப்போ ரெண்டாவது எண் இவங்களுக்குப் பொருந்தாது, 1.0-தான் எல்லை. அந்தக் கணக்குல 1.4 ஃபெயில்.

0.4 மில்லிகிராமுக்கு இவ்வளவு பேச்சான்னு ரூம் பசங்களும் கேட்டாங்க. ஃபுளோரைடைப் பொறுத்தவரை உடம்புக்குக் கணக்கு அடர்த்தி இல்ல, ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு உள்ள போச்சுங்கிறதுதான். குளிர்ந்த ஊர்ல ரெண்டு லிட்டர் குடிக்கிறவர் 1.5 இருக்கிற தண்ணில இருந்து 3 மில்லிகிராம் எடுப்பார். மே மாசம் கிரவுண்டுல ஆடிட்டு வந்து நாலு லிட்டர் குடிக்கிற நம்மாளு 1.4 இருக்கிற தண்ணில இருந்து 5.6 எடுப்பான். சாம்பார், ரசம், சோறு எல்லாத்துலயும் போறது தனி. பெரியவங்களை விட கீழ் வீட்டுப் பாப்பாவைத்தான் யோசிக்கணும். நிலையான பற்களோட எனாமல் ஈறுக்குள்ள உருவாகிறது சுமார் எட்டு வயசு வரைக்கும். அந்தச் சமயத்துல அதிகமா சேர்ற ஃபுளோரைடு, பல் முளைக்கும்போது வெள்ளைத் திட்டா, பழுப்புக் கறையா தெரியும். அதுக்கப்புறம் தண்ணியை மாத்தினாலும் அந்தக் கறை போகாது.

இந்தப் பகுதியில இது புதுசும் இல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்குக் காவிரித் தண்ணி கொண்டு வந்த ஒகேனக்கல் திட்டத்தோட பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தடுப்பும் இருக்கு. 2013-ல தொடங்கி வெச்சாங்க. கீழ இருக்கிறது கிரானைட், நைஸ் மாதிரி கடினப் பாறை. அதுல உள்ள பயோட்டைட், அப்படைட், ஃபுளோரைட் கனிமங்கள்ல இருந்து ஃபுளோரைடு கரைஞ்சு வருது. நம்ம ரிப்போர்ட்லயே இதுக்குத் தடயம் இருக்கு. காரத்தன்மை 400, கால்சியம் வெறும் 52. தண்ணில கால்சியம் நிறைய இருந்தா அது ஃபுளோரைடோட சேர்ந்து படிஞ்சிடும். குறைவா இருந்தா ஃபுளோரைடு கரைஞ்சே நிக்கும். அதனால "தண்ணி சாஃப்டா இருக்கு, நல்ல தண்ணி"ங்கிற பேச்சை இந்த மாவட்டத்துல அப்படியே நம்ப முடியாது. நாக்குக்கும் மூக்குக்கும் ஃபுளோரைடு தெரியவே தெரியாது.

நைட்ரேட் கதை வேற. அதுக்கு சலுகை எண்ணே கிடையாது, 45 தாண்டினா தாண்டினதுதான். பாறைல இருந்து இவ்வளவு வராது. போர்ல இருந்து எட்டு மீட்டர்ல செப்டிக் டேங்க் இருக்கு. அங்க இருந்து மண் வழியா இறங்குற கழிவுநீர்ல கிருமிகள் ஓரளவு வடிகட்டிடும், நைட்ரேட் கரைஞ்சபடியே கீழ வந்து சேரும். பால் பவுடர் கலக்கிக் குடுக்கிற வயசுல குழந்தை இருந்தா இது அவசரமான விஷயம். சில மாசக் குழந்தைகளோட ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கிறதை நைட்ரேட் தடுக்கும், உதடு நீலமாகும்.

கிருமி சோதனைக்கு ரெண்டு சாம்பிள் எடுத்தது இங்க உதவுச்சு. மோட்டார் பைப்ல ஈ.கோலை இல்ல. சமையலறைக் குழாய்ல இருக்கு. அப்போ கோளாறு போர்ல இல்ல, தொட்டில. மேல ஏறிப் பார்த்தா மூடி விரிசல், உள்ள காக்கா இறகு. குழாய் சாம்பிள் மட்டும் எடுத்திருந்தா போருக்குள்ள குளோரின் கொட்டிட்டு இருந்திருப்போம்.

வீட்டுக்காரம்மா ரிப்போர்ட்டைக் கேட்டுட்டு, "அவ்வளவுதானே தம்பி, நல்லா கொதிக்க வெச்சுக் குடிச்சா போச்சு"ன்னாங்க. கொதிக்க வெச்சா ஈ.கோலை சாகும். நைட்ரேட்டும் ஃபுளோரைடும் எங்கயும் போகாது, ஆவியாகிற தண்ணி மட்டும்தான் போகும். அஞ்சு லிட்டரைக் கொதிக்க வெச்சு நாலு லிட்டராச்சுன்னா 1.4-ங்கிறது 1.75 ஆயிடும். பாஸ்னு சொன்ன எல்லையையும் தாண்டியாச்சு! "அப்போ காய்ச்சக் காய்ச்சக் கெட்டியாகுதா?"ன்னு கேட்டாங்க. அதேதான். யூ.வி. ஃபில்டரும் கேண்டில் ஃபில்டரும் இந்த ரெண்டையும் எடுக்காது. வாட்டர் சாஃப்ட்னர் கடினத்தன்மையை மட்டும்தான் குறைக்கும். ஆர்.ஓ. ரெண்டையும் குறைக்கும். ஆனா டேஸ்ட்டுக்காக அதுல இருக்கிற டி.டி.எஸ். கன்ட்ரோலரைத் திறந்து விட்டா பச்சைத் தண்ணி பக்கவாட்டுல கலந்துடும்.

வீட்டுக்கு எழுதிக் குடுத்த யோசனை எளிமையானது. குடிக்க, சமைக்க ஒகேனக்கல் தண்ணி மட்டும். ஆளுக்கு அஞ்சு லிட்டர்னு வெச்சா மாடில ஆறு பேருக்கு மூணு நாளைக்கு 90 லிட்டர், 20 லிட்டர் கேன் அஞ்சு போதும். கேன்ல கை விடாம மூடி வெச்சு, குடிக்கிறதை மட்டும் காய்ச்சிக்கலாம், இந்தத் தண்ணியைக் காய்ச்சுறதுல பிரச்சினை இல்ல. போர் தண்ணி குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ. தோல் வழியா ஃபுளோரைடோ நைட்ரேட்டோ பெருசா உள்ள போகாது.

தொட்டியைத் தேய்ச்சுக் கழுவி மூடி மாத்தியாச்சு. 1,000 லிட்டருக்கு எட்டு கிராம் பிளீச்சிங் பவுடரை பக்கெட் தண்ணில கரைச்சு, தெளிஞ்சதை மட்டும் ஊத்தி, அரை மணி நேரம் கழிச்சு குளோரோஸ்கோப்ல மீதி குளோரின் பார்த்தோம். 0.2-க்குக் குறையக் கூடாது. திறந்து வெச்ச பழைய பாக்கெட்னா எட்டு கிராம் பத்தாது, குளோரின் பாதி பறந்திருக்கும்.

இந்த சாம்பிள் மே மாசத்தோடது. வடகிழக்குப் பருவமழைக்கு அப்புறம் நீர்மட்டம் ஏறினா ஃபுளோரைடு குறையலாம், செப்டிக் டேங்க் பக்கமா இறங்குற தண்ணியால நைட்ரேட் ஏறவும் செய்யலாம். அதனால டிசம்பர்ல அதே மோட்டார் பைப்ல, அதே மாதிரி ஈ.சி. நின்னதுக்கு அப்புறம் இன்னொரு பாட்டில் பிடிச்சு, குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வகத்துல குடுக்கிறதா இருக்கோம். இடமும் முறையும் மாறாம இருந்தாத்தான் ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்க முடியும்.